வாக்கியம் முடியும்வரை

ஆவணப்படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போடும் அவளுக்கு ஸ்டூடியோவில் ‘கத்தரி’ என்று பெயர். வரியை எங்கே வெட்டுவது என்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அன்று எடிட்டிங் அறைத் திரையில் ஒரு தையல்காரம்மா பேசினார். “என் தம்பிய மன்னிச்சிட்டேன்னு...” என்று நிறுத்தி, நிதானமாக ஊசியில் நூலைக் கோத்தார். அப்புறம்தான், “சொல்ல மாட்டேன்” என்றார்.

கத்தரி இரண்டு சப்டைட்டிலாகப் போட்டிருந்ததை டைரக்டர் ஒன்றாக்கியிருந்தார். அந்தம்மா வாயைத் திறந்ததுமே, மன்னிக்கவில்லை என்பது ஆங்கிலத்தில் வந்து விழுந்தது.

“ஒரே வாக்கியம்தானேம்மா, எதுக்கு ரெண்டு?”

“சார், அவங்க நூல் கோக்கறதுக்குள்ள நீங்க போட்டுக் கொடுத்துட்டீங்க.”

முதல் பாதிக்கு, ‘தம்பியை மன்னித்தேன் என்று சொல்வதா?’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வைத்தாள். நூல் கோக்கும்வரை திரையின் அடியில் எழுத்தே இல்லை. குரல் திரும்பிய நொடியில், ‘நோ. ஐ வோன்ட்.’

டைரக்டர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு அதையே வைத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் காப்பி கொண்டுவந்தார். அவள் எதைத் தொடங்கினாலும் அவரே முடித்துவைப்பது இந்த வீட்டு வழக்கம்.

“உங்களக் கட்டிக்கிட்டது தப்புன்னு...”

“தோணுதாக்கும்!”

காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“...நெனச்சதில்ல.”