மூன்று பக்கங்களில் இல்லாதவை

அந்தக் கடிதத்தை எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது. மூன்று பக்கம். ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் எழுதிய கடிதம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தது. வயல் செய்கிறவர்களின் சங்கமான எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில், மாவட்டத்தின் அரசாங்க அதிபருக்கு அதை எழுதியிருந்தேன். கூட்டத்தில் வாசித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் அதைப் பார்க்காதவன்போல இருந்துகொண்டு நன்றாகப் பார்த்தேன்.

விசயம் இதுதான். வட்டை என்று நாங்கள் சொல்லும் எங்கள் வயல்வெளி வாவியோரம். கோடையில் கடல் மண்ணைக் கொண்டுவந்து, வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை மூடிவிடும். மாரி மழையில் வாவி நிறையும்போது, வாயை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடாவிட்டால் அது எங்கள் வயலுக்குள் ஏறும். முந்தின மார்கழியில் வெட்டப் பிந்திவிட்டது. கதிர் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நின்ற பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. அதில் என் தங்கையின் மூன்று ஏக்கரும் போனது.

அவள் கணவனை இழந்தவள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வெள்ளம் வடிந்த கிழமை என்னிடம் வந்து, “அண்ணா, அடுத்த போகமும் வெள்ளத்தில தாண்டுபோனா நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போப்போறன். பாஸ்போட் போமை நிரப்பித் தாங்க” என்றாள். நிரப்பிக் கொடுத்தேன். அழகான கையெழுத்தில், மூன்றுமுறை சரிபார்த்து. அவள் அதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தாள். ஒரு போகம் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு போகத்துக்காகத்தான் கடிதம்.

என் மனைவியின் தங்கைக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் வேலை. வருகிற கடிதங்களைப் பதிந்து, வாசித்து, எந்த மேசைக்குப் போகவேண்டுமோ அந்த மேசைக்கு அனுப்புவது அவளுடைய உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது கடிதத்தை நீட்டினேன். கருத்துக் கேட்கவில்லை. பாராட்டு வாங்கத்தான் நீட்டினேன்.

மச்சாள் வாசித்தாள். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். பேனை எடுக்கவில்லை, ஒரு சொல்லில்கூட விரல் வைக்கவில்லை.

“அத்தான், நல்லா எழுதியிருக்கீங்க. இதுல நீங்க என்ன கேக்கிறீங்க?”

“என்ன மச்சாள் இது! ஆற்றுவாயை வெட்டச் சொல்லித்தான்.”

“அது எங்க இருக்கு?”

நான் கடிதத்தைப் பறித்தேன். வெள்ளத்தின் கொடுமை இருந்தது. எங்கள் முன்னோர் காடு வெட்டிக் கழனியாக்கியது இருந்தது. உழவனின் கண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. கடைசியில், ‘தாங்கள் இதனைக் கருணையுடன் நோக்குவீர்கள் என நம்புகிறோம்’ என்று முடிந்திருந்தது. ஆற்றுவாயை வெட்டுங்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. மூன்று பக்கத்திலும் சத்தியமாக இல்லை.

“அது விளங்கும்தானே” என்றேன்.

“எங்களுக்கு விளங்கும். ஆனா வெட்டச் சொல்றதெண்டாலும், எப்ப வெட்டிறது? தண்ணி எவ்வளவு வந்தா வெட்டிறது? யார் முடிவெடுக்கிறது? இப்பிடியே வந்தா நான் இத ‘வெள்ள நிவாரணம்’ எண்டுதான் பதிவன். அந்த மேசைக்குப் போகும். அவங்க உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடுவாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, சொல் சுத்தமாகிவிடும். “தாங்கள் ஒரு நாளைக்கு நூறு கடிதம் வாசிப்பவர். உணர்ச்சி தங்களுக்கு மரத்துப் போயிருக்கும்” என்றேன். அவள் சிரித்தாள்.

“இருக்கும், அத்தான். ஆனா நூறு வாசிக்கிற ஆள்தான் இதையும் வாசிக்கப்போறது. நீங்க இத ஆருக்கு எழுதினீங்க? கூட்டத்தில இருந்த ஆக்களுக்கு. அவங்களுக்கு வெள்ளம் தெரியும், வட்டை தெரியும், அதான் அழுதாங்க. ஜீஏ, அதான் அரசாங்க அதிபர், இதை நீர்ப்பாசன எஞ்ஜினியருக்கு அனுப்புவார். அவர் வேற ஊர் ஆள். அவருக்கு உங்கட கண்ணீர் வேண்டாம், நீர்மட்டம் வேணும். பிறகு மீன்பிடி ஒபிசுக்கு ஒரு கொப்பி போகும். அங்க இருந்து என்ன வரும் எண்டு யோசிச்சீங்களா?”

நான் யோசிக்கவில்லை. யோசிக்காததை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

“மீன் பிடிக்கிற ஆக்கள் வேண்டாம் எண்டுவாங்க. வருசா வருசம் சொல்றாங்க. அதுக்கு உங்கட கடிதத்தில மறுமொழி இல்ல. மறுமொழி இல்லாட்டி, ‘இரு தரப்பையும் கலந்தாலோசித்து’ எண்டு எழுதி வைப்பாங்க. அவங்க கலந்து முடியக்குள்ள மாரி முடிஞ்சிரும்.” என் கையில் இருந்த கடிதத்தைக் காட்டிச் சொன்னாள்: “நீங்க அவங்களிட்டப் போய் இதக் காட்டுங்க. வேண்டாம் எண்டு சொல்லப்போற ஆள் முதல்ல வாசிக்கட்டும்.”

இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் எங்கள் வீட்டில் இல்லாததால் அது அவளுக்குத் தெரியாது. என் மனைவிக்குத்தான் தெரிந்தது. தேத்தண்ணியை வைத்தபடி, “உங்கட கடிதத்த விடுங்க, உங்கட தங்கச்சிய நினைச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் செட்டிபாளையத்துக்குப் போனேன். அங்கே வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களின் சங்கத் தலைவர் தோணிக்குப் பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, மூன்று பக்கத்தையும் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார்.

“சேர், இதுல நாங்க இல்லையே” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வாவியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவன் வாவியில் வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை என்பது, அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது.

“நீங்க வெட்டு வெட்டு எண்டிறீங்க. தண்ணி குறைவா இருக்கிற நேரம் வெட்டினா, வாயை அரிக்க அதுக்கு வேகம் இல்ல. ரெண்டு நாளில கடல் மண்ணைப் போட்டு மூடும். உப்புத் தண்ணிதான் உள்ள வரும். அது உங்கட தாழ்ந்த வயலுக்கும் கூடாது. எங்களுக்கு இறாலும் போகும். மறுகா, சொல்லாமக் கொள்ளாம வெட்டினா, அந்த இழுவையில எங்கட வலையும் தோணியும் கடலுக்குத்தான். வெட்ட வேண்டாம் எண்டு நாங்க எப்ப சொன்னம்? தண்ணி கூடினா எங்கட வீட்டுக்குள்ளயும்தான் வருது.”

“அப்ப எப்ப வெட்டலாம்?” என்று கேட்டேன். நான் மச்சாளின் கேள்வியைக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அவர் வாவிக்குக் குறுக்கே இருந்த பாலத்தைக் காட்டினார். அதன் ஒரு தூணில் நீர்மட்டம் பார்க்க இலக்கமிட்ட கோடுகள் போட்டிருந்தன. அந்தப் பாலத்தால் நான் எத்தனை வருடம் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் போய்வந்திருக்கிறேன், அந்தக் கோடுகளைக் கண்டதில்லை.

“போன வருசம் ஏழாம் கோட்டைத் தாண்டின அண்டுதான் உங்கட பக்கம் வரம்பு மூடினது. அஞ்சில வெட்டினா மண் மூடும். ஆறுக்கு வந்தா எங்களுக்குச் சொல்லட்டும், ஒருநாளில வலையை எடுத்திருவம். ஏழுக்கு வந்தா வெட்டட்டும். இத எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறன்.”

அன்றைக்கே எழுதினேன். முக்கால் பக்கம் வந்தது. முதல் வசனத்திலேயே கோரிக்கை: தூணில் தண்ணீர் ஆறாம் கோட்டுக்கு வந்ததும் இரு தரப்புக்கும் அறிவித்து, ஏழாம் கோட்டுக்கு வந்ததும் ஆற்றுவாயை வெட்ட முன்கூட்டியே முடிவெடுத்துத் தரவேண்டும். அடுத்து, ஏன் ஏழு. அடுத்து, ஏன் அதற்குமுன் கூடாது. முன்னோரும் காடும் கழனியும் போய்விட்டன. கண்ணீரை வெட்டும்போது மட்டும் கை தயங்கியது, பொய் சொல்லக்கூடாது.

மச்சாளுக்குத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

“ஏழு எண்டு நீங்க சொல்றீங்க. எஞ்ஜினியர் தன்ர அளவு வேற எண்டு சொன்னா?”

எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. ஆனால் இந்தமுறை கோபத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. இல்லாததை இப்படிக் காண ஒரு கண் வேண்டும். நான் முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் இருக்கும் பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டவன். இல்லாத ஒன்றுக்குக் கோடு போட எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ‘திணைக்களத்தின் அளவீடு வேறாயின் அதற்கேற்பக் கோட்டை மாற்றிக்கொள்ள இரு சங்கங்களும் சம்மதிக்கின்றன’ என்று ஒரு வசனம் சேர்த்தேன்.

ஐப்பசியில் கச்சேரியில் கூட்டம். கடிதத்தின் பிரதி எல்லோர் முன்னாலும் இருந்தது. பொறியியலாளர் கேட்ட முதல் கேள்வி, முந்தி வெட்டினால் மண் மூடாதா என்பது. “இரண்டாம் பந்தி, சேர்” என்றேன். அவர் வாசித்துத் தலையாட்டினார். தன் பதிவுகளைப் பார்த்துவிட்டு, ஏழுக்குக் கொஞ்சம் கீழேயே போதும் என்றார். அதற்கும் வசனம் இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றி, “மீனவர் தரப்பு?” என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர் எழும்பி, “கீழ இருக்கிறது என்ர கையெழுத்து, சேர்” என்றார். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

மச்சாள் அந்த அறைக்குள் வரவில்லை. கீழே தன் மேசையில் இருந்து அன்றைய கடிதங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். போகும்போது எட்டிப் பார்த்தேன். “என்னவாம்?” என்றாள். “சரியாம்” என்றேன். அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருக்கவேண்டும். எழுத்தில் எவ்வளவோ அலங்காரம் செய்கிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

மார்கழியில் மழை விடாமல் கொட்டியது. தண்ணீர் ஆறாம் கோட்டைத் தொட்ட அன்று காலை இரண்டு பக்கத்துக்கும் அழைப்பு வந்தது. மறுநாள் பின்னேரம் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஆற்றுவாய் மண்மேட்டில் நின்றது. தங்கையின் வயலுக்குள் தண்ணீர் வந்துதான் போனது. ஆனால் ஒரு நாளில் இறங்கிவிட்டது. பயிர் சேற்றோடு நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து நான் வரம்பில் நின்று அழுதேன். அதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

பங்குனியில் தங்கை புது அரிசியோடு வீட்டுக்கு வந்தாள். மச்சாளும் வந்திருந்தாள். அரிசிப் பையின் மேலே பாஸ்போட் படிவம் நாலாக மடித்தபடி இருந்தது. “இனி இது வேண்டாம் அண்ணா, கிழிச்சுப் போடுங்க” என்றாள்.

கிழிக்கமுன் மச்சாள் அதை வாங்கி விரித்தாள். பழக்கதோசம். மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பினாள்.

“அத்தான், இதுல கையெழுத்து இல்லயே.”

நான் மூன்றுமுறை சரிபார்த்த படிவம். கீழே கையெழுத்துப் பெட்டி வெறுமையாக இருந்தது. தங்கையைப் பார்த்தேன்.

“என்னகா, மறந்துட்டியா?”

“இல்ல அண்ணா, போடல்ல” என்றாள் அவள். “ஏன் போடல்ல எண்டு நீங்க கேப்பீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”