காத்தான் வந்தார்

சவரியம்மாள் டீச்சருக்கு யாரோடும் சண்டை போடும் வழக்கமில்லை. வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், பயிற்சி முடித்து, மன்னார்குடியிலிருந்து ஆறு மைல் தள்ளி ஓர் ஊராட்சிப் பள்ளிக்கு வந்தவர். எழுபத்திரண்டாம் வருஷம் நாலாம் வகுப்புக்காக அவர் எழுதிய மூவிடப் பெயர் அட்டவணைதான் அவரை ஊர்வாயில் போட்டது.

பழுப்புத்தாளில் கட்டம் போட்டிருந்தார். தன்மை: ஒருமைக்கு நான், பன்மைக்கு நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். முன்னிலை: நீ, மரியாதைக்கும் பன்மைக்கும் நீங்கள். படர்க்கை: அவன், அவள், மரியாதைக்கு ஆணானாலும் பெண்ணானாலும் அவர், பலரானால் அவர்கள், அஃறிணைக்கு அது, அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். ‘அவன்’ கட்டத்தில் ‘தம்பி வந்தான்’. ‘அவர்’ கட்டத்தில் ‘காத்தான் வந்தார்’.

காத்தான் பண்ணையில் நடவு, அறுப்பு வேலை செய்பவர். அந்த அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்களைத் திரட்டியிருந்தார். அவர் மகள் செவ்வந்தி நாலாம் வகுப்பில் முதல் பெஞ்சு. பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரியவர் பெயராக இருக்கட்டும் என்றுதான் டீச்சர் எழுதினார். வேறு எண்ணமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் வரப்பில் நின்று பண்ணைக் காரியக்காரர், “உங்கப்பன் வந்தானா?” என்று கேட்டார். செவ்வந்தி நிதானமாக, “வந்தாரான்னு கேக்கணும். அப்பா பெரியவர்ல” என்று திருத்தினாள். களத்துமேட்டில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கூலி கேட்டபோதுகூடக் கலங்காத பண்ணை அந்தச் சிரிப்பில் கலங்கியது.

பண்ணைக்குச் சொந்தக்காரர் நடராசன், ஊராட்சித் தலைவர். கரை வேட்டி கட்டியவர். மேடையேறினால் சுயமரியாதையைப் பற்றி ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவார். இறங்கி வந்ததும், செருப்பை எடுத்துவைக்கும் எழுபது வயதுக் கிழவரை ‘டேய்’ என்பார். இரண்டுக்கும் நடுவே நாலே படிகள்.

அவர் பள்ளிக்கு வந்து அட்டவணையை ஏற இறங்கப் பார்த்தார். “டீச்சர், அந்தப் பேர எடுத்துட்டு வேற நல்ல பேரா போடுங்க” என்றார்.

“காத்தான்ங்கறதும் நல்ல பேருதாங்க ஐயா.”

“அவனுக்கு எதுக்கு ‘ர்’?”

தன்னைவிட மூத்தவருக்கு ‘ஆர்’ விகுதி போடுவதுதான் பாடம், வந்தான் என்று எழுதினால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கவேண்டிவரும் என்று டீச்சர் விளக்கினார். தலைவர் இலக்கணத்தோடு வாதாடவில்லை. கல்வி அதிகாரிக்கு மனு எழுதினார்.

அதிகாரி அடுத்த வாரமே ஜீப்பில் வந்தார். தமிழ் வித்துவான் பட்டம் பெற்றவர். பிழை கண்டால் திருத்தாமல் விடமாட்டார். தலைவரையும் டீச்சரையும் எதிரெதிரே உட்காரவைத்து மனுவை உரக்கப் படித்தார். ‘நாங்கள் இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று தொடங்கியது.

“நாங்கள்னா எத்தனை பேரு?” என்றார்.

“நான்தான்.”

“அப்ப நான்னு எழுதணும்.” சிவப்பு மையால் திருத்தினார். அடுத்து, ‘அவள் திமிராகப் பதில் சொன்னாள்.’ அங்கும் நிறுத்தினார். “இந்த அவள் யாரு?”

தலைவர் டீச்சரைப் பார்த்தார். நேரில் நீங்கள் என்று பேசியவருக்குக் காகிதத்தில் நாக்கு நழுவியிருந்தது. அதிகாரி ‘அவர் சொன்னார்’ என்று மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே காத்துநின்ற ஆட்களுக்கு அது முழுக்கக் கேட்டது. மனுவில் மொத்தம் பதினோரு சிவப்பு. நாலாம் வகுப்பில் அதைவிடக் குறைவாக வாங்கியவர்களே தேறாமல் போயிருக்கிறார்கள்.

அட்டவணையில் பிழை இல்லை என்று பார்வைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அதிகாரி போனார். டீச்சருக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

இருபது நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. ‘திருமதி சவரியம்மாள் அவர்கள், நிர்வாக நலன் கருதி’ வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்துப் பள்ளிக்கு. எழுதியவர்கள் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. டீச்சர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்சம் அழுதார். புருஷனுக்கு மன்னார்குடியில் வேலை. வாரம் ஒருமுறைதான் இனி பார்க்க முடியும்.

புறப்பட்ட அன்று காத்தான் பஸ் நிறுத்தத்துக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போட்டார். கூலிப் பேச்சு தாசில்தார் முன்னால் நடப்பதாகச் சொன்னார். “என்னை அங்க நாற்காலில உக்காரச் சொன்னாங்க. தலைவர்தான் என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம, பேச்சு பூரா ‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’னு சொல்லிட்டு இருந்தாரு.”

அந்த வருஷம் கேட்டதில் பாதி கிடைத்தது. டீச்சர் உப்பளத்துப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் இருந்தார். தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். வருத்தமுண்டா என்று பிற்காலத்தில் தங்கை கேட்டபோது, மூன்று பஸ் மாறவேண்டியிருந்ததுதான் வருத்தம் என்றார்.