மணிக்கட்டைப் பிடித்த கை

அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு வாழ்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு எழுத வரும் என்பதால் அல்ல. சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா கேக்குக்குச் சொல்லிவிட்டாள். இங்கே மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் எனக்கு அந்த வாரம் ஓய்வு இருந்தது. அவ்வளவுதான்.

"அந்தக் கல்யாணப் படத்தப் போட்டு, கீழ நாலு வரி கேப்ஷன் எழுதுடா. எல்லாரும் போடறாங்க லா," என்றாள் போனில்.

அவர்களுக்கு இருக்கும் கல்யாணப் படம் ஒன்றே ஒன்று. அவர்களுடைய கோத்தா திங்கி வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. காலை வெயில் அதன் மேல்தான் விழும். சிவப்பும் மஞ்சளும் போய் வெளிறிய நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மாவின் முகம் எங்கே முடிகிறது, பின்னாலுள்ள திரை எங்கே தொடங்குகிறது என்பது அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும். தெளிவாகத் தெரிந்தது அப்பாவின் கை. அது அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து, "அந்தக் காலத்துலயே எவ்ளோ பாசம் பாரு" என்பார்கள். அப்பா உடனே காப்பி வேண்டுமா என்று கேட்பார்.

கோத்தா திங்கிக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். சட்டத்தின் பின்பலகையை எடுத்த பிறகுதான் தெரிந்தது, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கியதும் மேல்தோல் மட்டும் உரிந்து வந்தது. திரையில் ஒரு துணுக்கு போனது. ஆட்கள் தப்பித்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். வாசலருகே தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால், அப்பாவின் நெஞ்சில் என் மூக்கும் சுழலும் காற்றாடியும் விழுந்தன. பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால் இருவரும் ஒரு பக்கம் குட்டையானார்கள். கைப்பேசிக்கு மேலே கறுப்பாக ஏதாவது இருந்தால் பிரதிபலிக்காது என்று எங்கோ படித்திருந்தேன். அப்பாவைக் கறுப்புக் குடை பிடிக்கச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள யாராச்சும் குடை பிடிப்பாங்களா?" என்றார் அம்மா.

"உன் மூஞ்சி தெரியணுமா வேணாமா?" என்றார் அப்பா, குடையை இறக்காமல்.

படம் நன்றாகவே வந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதை ஏதோ ஒரு செயலியில் போட்டு வண்ணம் சேர்த்துத் திருப்பி அனுப்பினாள். அம்மா சிவப்புப் புடவையில் இருந்தார். அப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு பல்லு?" என்றார் அப்பா.

"புடவை கிளிப்பச்சைடா," என்றார் அம்மா. "பக்கத்துல இருக்கற ஆளு யாருன்னு தெரியல."

செயலியை விட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, கோடுகள் தெரியும்படி அழுத்தத்தை மட்டும் கூட்டினேன். வெளிறியது வெளிறியபடியே இருந்தது.

பிறகு வாசகம். "இரு உள்ளங்கள் இணைந்து நாற்பது ஆண்டுகள்" என்று தொடங்கி, "என்றும் எங்கள் நினைவில்" என்று முடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"டேய், ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கடா," என்றாள். "பேப்பர்ல வர்ற கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கு. இன்னொன்னு, முதல் வரி மட்டும்தான் வெளிய தெரியும். மீதிய அழுத்தித் திறந்தாதான் படிக்க முடியும். முதல் வரியில விஷயம் இருக்கணும்."

இரண்டாவதாக எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், வெட்கத்தோடு நின்ற அம்மாவின் கையை அப்பா பற்றினார்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"யாரு வெட்கப்பட்டா? எனக்கு அன்னிக்குக் கோவம். அதோட, இது கல்யாணத்தன்னிக்கு எடுத்ததே இல்ல."

முப்பத்தைந்து வருடமாக அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சோறு தின்றவன் நான். எனக்கு இது செய்தி.

நடந்தது இதுதான். தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். படம் எடுக்க வந்தவர் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி எடுத்தார். உள்ளே ஃபிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. கேமரா சத்தம் போட்டதே தவிர ஃபிலிம் நகரவில்லை. கழுவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து, அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் டவுன் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னார். அப்பா அப்போது எண்ணெய்ப்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியோடு பஸ்ஸில் வர முடியாது, மற்ற டிரைவர்கள் பார்த்தால் ஆயுசுக்கும் கேலி செய்வார்கள் என்றார்.

"படம் இல்லன்னா கல்யாணம் ஆச்சுன்னு எவன் நம்புவான்னு கேட்டேன். வேட்டியக் கட்டிக்கிட்டு வந்தாரு, ஆனா அன்னிக்குக் காலையிலருந்து ரெண்டு பேரும் பேசல. பஸ்ல ஏறினதும் ஒரு மலாய்க்கார அம்மா எங்களுக்கு இடம் குடுத்து 'செலாமாட் பெங்கான்டின் பாரு'ன்னு, புதுப் பொண்ணு மாப்பிள்ளைன்னு நெனச்சு வாழ்த்தினாங்க. அப்பவும் பேசல."

"அப்புறம் எப்படிக் கையப் பிடிச்சாரு?"

"வளையலைப் பிடிச்சாரு. என் வளையலு பத்தலன்னு அத்தை வளையல இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அவங்க கை பெருசு. நிமிர்ந்து நின்னா கழண்டு கழண்டு விழுது. ஸ்டூடியோக்காரரு ரெண்டு தரம் நிறுத்திட்டாரு. உங்கப்பா ஒண்ணும் பேசாம எட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. படம் எடுத்து முடிஞ்சும் விடல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே வந்தாரு."

ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அடுத்தவங்க வளையலு. ரோட்டுல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அம்மா வெங்காயத்துக்குத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம்தான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. வேறு காரணம் என்று எழுதவும் உரிமை இல்லை.

மூன்றாவது வாசகத்தை உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்.

"இது கல்யாணத்தன்று எடுத்த படம் அல்ல. அன்று கேமராவில் ஃபிலிம் நகரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கல்யாண உடுப்போடு பஸ் ஏறிப் போய் எடுத்தது. காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா போட்டிருப்பது இரவல் வளையல். அது கழன்று விழாமல் அப்பா பிடித்திருக்கிறார். படம் எடுத்து முடிந்த பிறகும் விடவில்லை. புடவை கிளிப்பச்சை. நாற்பதாவது திருமண நாள் வாழ்த்துகள், அம்மா, அப்பா."

அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு, "முதல் வரி ஓகே," என்று வந்தது. அதற்குப் பிறகு, "எனக்கு ஏன் இத யாரும் சொல்லல?" என்று வந்தது.

அப்பாவுக்கு மட்டும் ஓர் ஆட்சேபம் இருந்தது. "பேசலன்னு எதுக்கு எழுதற? நல்ல நாளும் அதுவுமா."

"அதான் உண்மை," என்றார் அம்மா. "இருக்கட்டும்."

திருமண நாள் காலையில் குடும்பக் குழுவிலும் என் பக்கத்திலும் போட்டேன். பெரும்பாலோர் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை. கேக் படமும் பூங்கொத்துப் படமும் வந்து குவிந்தன. யோங் பெங்கில் இருக்கும் மாமா, "கல்யாணத்தன்று எடுத்த அருமையான படம்," என்று எழுதினார்.

கேக் வெட்டி முடித்த பிறகு, மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்று சொல்லி, வாசகத்தை அப்பாவிடம் வாசிக்கச் சொன்னார் அம்மா. அப்பா கைப்பேசியை நீட்டிப் பிடித்து நிதானமாக வாசித்தார். பஸ் ஏறிப் போனதிலிருந்து நேராக இரவல் வளையலுக்குப் போனார்.

"நடுவுல ஒண்ணு விட்டீங்க," என்றார் அம்மா.

"எழுத்து சின்னதா இருக்கு."

"பெருசாக்கலாம். இப்படி ரெண்டு விரல வச்சு இழுங்க."

அப்பா இழுத்தார். எழுத்து பெரிதானது. "காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை," என்று வாசித்தார். அம்மா தலையை ஆட்டி, மேலே வாசிக்கச் சொன்னார்.