மூன்றாவது வரிசையில் கைதட்டியவர்

எங்கள் தெருவில் என் தம்பியை ‘ஒட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் நடத்தும் வீடியோ கடையில் கேமரா நான், எடிட்டிங் அவன். நான் எடுக்காமல் விட்டதை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடையில் இருப்பது ஒரே கேமரா. மேடையில் பேசுகிறவரை எடுத்தால் கீழே கேட்கிறவரை எடுக்க முடியாது. அதனால் எந்த விழாவுக்குப் போனாலும் கூட்டத்தைத் தனியாகப் பத்து நிமிடம் எடுத்துவரச் சொல்வான். பேச்சில் வெட்டு விழுந்த இடத்தில் தலையாட்டும் ஒருவரை மூன்று விநாடி காட்டினால் போதும், வெட்டு மறைந்துவிடும். அப்படி எடுத்த ஆட்களை அவன் அழித்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ‘சிரிப்பு’, ‘யோசனை’, ‘கைதட்டல்’, ‘கொட்டாவி, தொடாதே’ என்று பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறான். சொந்தப் பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகும், எந்தக் கைதட்டல் எந்த ஃபோல்டரில் என்பது மறக்காது.

போஸ்ட் மாஸ்டரின் பணி ஓய்வு விழாவில்தான் மாட்டிக்கொண்டோம். அவர் மனைவி கால் எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருந்தார்.

“அவகிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வராதும்மா. அதான் மைக்ல சொல்லப் போறேன். அதை மட்டும் அவ பார்த்துட்டாப் போதும்” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் “என் மனைவி...” என்று ஆரம்பித்த நொடியில் பேட்டரி செத்தது. மாற்று பேட்டரி என் பையில் இல்லை. வீட்டில் சார்ஜரில் பத்திரமாக இருந்தது. மைக்கோடு இணைத்த ரெக்கார்டரில் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் குரல் இருக்கிறது, முகம் இல்லை. கூட்டத்தையும் நான் எடுத்திருக்கவில்லை. எடுக்கலாம் என்று நினைத்தபோது பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தம்பி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையில் இறங்கினான். முதலில் இணையத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஸ்டாக் வீடியோ தேடினான். கிடைத்த கூட்டத்தில் எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“போஸ்ட் ஆபீஸ்ல பனியாடா?” என்றேன்.

“நீ பேசாத” என்றான்.

கடைசியில் தன் பழைய சேமிப்பைத் திறந்தான். இரண்டு வருடத்துக்கு முன் நான் எடுத்த ஒரு பள்ளி ஆண்டு விழா. அதில் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா கைதட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நெருக்கமான ஷாட், பின்னால் சுவர்கூடத் தெரியவில்லை. மற்ற இடங்களை வேறு விழா முகங்களால் நிரப்பிவிட்டு, இந்த ஷாட்டின் நிறத்தை மட்டும் கொஞ்சம் மஞ்சளாக்கி, வேகத்தைக் குறைத்து, போஸ்ட் மாஸ்டர் “அவ இல்லேன்னா நான் இல்ல” என்று சொல்லும் இடத்தில் சரியாகப் பொருத்தினான். பார்த்த நானே இன்னொரு முறை போடச் சொன்னேன். அவனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். நாங்கள் போஸ்ட் மாஸ்டரின் மனைவியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் தம்பியின் முகம் வெளிறிப்போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் ஓடி, கைதட்டும் அந்த முகம் வந்ததும்தான் புரிந்தது.

மனைவி பேசுவதற்கு முன் போஸ்ட் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். மேடையில் கண்ணாடி பளபளக்கிறது என்று நான்தான் அதைக் கழற்றச் சொல்லியிருந்தேன். அதனால் அன்றைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

“நீ வந்திருந்தியா? இந்தக் காலோடயா? எனக்கு முன்னாடி எப்படி வீட்டுக்கு வந்து படுத்த?”

“ஐயோ, நான் எங்க வந்தேன்? இது ஸ்கூல் விழாங்க. கராத்தே பசங்க கையால ஓடு உடைச்சப்ப தூசி கண்ணுல விழுந்துச்சு!”

தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பேட்டரி கதையை மட்டும் இரண்டு முறை சொன்னான். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தலையணை கீழே விழுந்தது. போஸ்ட் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னது வீணாகிவிட்டதே என்று தவித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். “குரல் மட்டும் கேட்டா ஆச்சா? சொல்றப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா? இப்பச் சொல்லுங்க.”

“புள்ளைங்க இருக்காங்க...”

“இருக்கட்டும்.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. மேடையில் ஒன்றரை நிமிடம் பேசியவருக்கு நான்கு வார்த்தைதான் வந்தது.

“நீ இல்லேன்னா நான் இல்லடி.”

அந்த அம்மா கைதட்டவில்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எடுத்தியாக்கா?” என்று தம்பி என் காதில் கேட்டான்.

கேமரா பையிலேயே இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

“சரி விடு. இதுக்கு என்கிட்ட ஒட்ட எதுவும் கிடையாது” என்று லேப்டாப்பை மூடினான்.