மார்கழி வடகம்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் நான்தான் அந்த டிரம்மைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது என்று ஒரு கணம் தோன்றியது. கோடையில் மூன்று நாள் முதுகு வெந்து போட்ட கூழ் வடகம், ஒன்றோடொன்று ஒட்டி ஈரத்துணிபோலக் கிடந்தது. மேலே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். அதன் மேல் வைத்திருந்த உளுந்து அப்பளம் ஓரமெல்லாம் புள்ளி விட்டிருந்தது. வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

தை பதினெட்டாம் தேதி என் நாத்தனாருக்குக் கல்யாணம். சீர்வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு டின் வடகமும் ஒரு டின் அப்பளமும் இருக்க வேண்டும். வீட்டில் போட்டதாக இருக்க வேண்டும். என் மாமியார் வீட்டு வழக்கம் அது. அந்த வருஷம் அதைப் போடும் வேலையை, 'நானே போடுறேன் அத்தை' என்று முந்திக்கொண்டு வாங்கியவள் நான். வாய் சும்மா இருந்தால்தானே!

முந்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு திருவேட்டக்குடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் கல்யாணமாகி வந்தது விழிதியூரில் ஒரு விவசாய வீட்டுக்கு. காதல் கல்யாணம். யாரும் என்னை ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. ஆனால் நான் மீன் அரிந்த கையோடு சாமி விளக்கைத் தொட்டுவிடுவேனோ என்று மாமியாரின் கண் என் கைகளையே பார்க்கும். அந்தக் கைகளால் ஆன ஒரு பொருள் இந்த வீட்டுச் சீரில் போக வேண்டும் என்று எனக்கு வெறி. வேறொன்றுமில்லை.

மாமியார் வந்து டிரம்முக்குள் கையை விட்டார். ஒரு வடகத்தை எடுத்து நாக்கில் வைத்து உடனே துப்பினார்.

"ஏம்மா, எவ்வளவு உப்பு போட்ட?"

"கெடாம இருக்கட்டும்னு ஒரு கை கூடப் போட்டேன் அத்தை."

"ஒரு கை கூடவா? இது என்ன கருவாடா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் காதெல்லாம் சுட்டது. ஆமாம், கருவாட்டுக் கணக்குத்தான் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் உப்பு குறைந்தால் மீன் புழுத்துவிடும். உப்பை அள்ளிப் போட்டால் அடைமழையிலும் கருவாடு தாங்கும். வடகத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கருவாட்டைக் காப்பாற்றும் அளவுக்கு வடகத்தில் உப்பு போட்டால் வாயில் வைக்க முடியாது. அதற்குக் குறைவாகப் போடும் உப்போ கெடாமல் காப்பதும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர் விடுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். அது மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டிரம்மில் கொட்டி, எறும்பு வந்துவிடும் என்று மூடியை இறுக்கித் திருகியிருந்தேன். சூடு உள்ளேயே வியர்த்து, அந்த வியர்வை வடகத்திலேயே இறங்கியிருக்கிறது.

"மேலாக இருக்கறத எடுத்துட்டு மிச்சத்த வெயில்ல போட்டா?" என்று கேட்டாள் நாத்தனார். பாவம், எனக்காகத்தான் கேட்டாள்.

"பூத்தது பூத்ததுதான். கண்ணுக்குத் தெரியாம உள்ளயும் ஓடியிருக்கும். மாட்டுக்குக்கூட வைக்காதீங்க," என்றார் மாமியார். குழி வெட்டிப் புதைத்தோம். பிறகு அவர், "கடையில வாங்கிக்கலாம், விடு," என்றார். அந்த 'விடு'தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் திரும்பப் போடுறேன்," என்றேன்.

"மார்கழியிலயா? மார்கழியில துணியே காயாது. வடகம் காஞ்சிடுமா?"

நியாயமான கேள்வி. காலை ஒன்பது வரை பனி. மூன்று மணிக்கெல்லாம் வெயில் சாய்ந்துவிடும். நாள் முழுக்கக் கடல் பக்கமிருந்து ஊதக்காற்று. அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாடிக்கும் அடுப்படிக்கும் ஏறி இறங்குவேன். நடுவில் போனில் மழை வருமா என்று பார்ப்பேன். அதை நம்பாமல் மேலே போய் வானத்தைப் பார்ப்பேன். "டிவியில வானிலை வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்களா?" என்று கேட்டார் என் கணவர். அவர் தட்டில் அன்று ரசம் கொஞ்சம் வேகமாகவே விழுந்தது.

மார்கழி நான்காம் நாள் முதல் ஈடு கூழ் கிளறினேன். அரிசிமாவு, ஜவ்வரிசி, பச்சைமிளகாய், சீரகம். உப்பு, ருசி பார்த்தால் 'கொஞ்சம் போதாதே' என்று தோன்றும் அளவுக்கு மட்டும். காய்ந்து சுண்டும்போது அதுவே சரியாகிவிடும். கரண்டியால் ஊற்றாமல் அச்சில் மெல்லிசாகப் பிழிந்தேன், சீக்கிரம் காயட்டும் என்று. மாடித் தரையில் வேட்டி விரித்துத்தான் பிழிந்தேன். சாயங்காலம் பார்த்தால் மேல்பக்கம் காய்ந்த மாதிரி இருக்கிறது, அடிப்பக்கம் கொழகொழ. சிமெண்ட் தரை பனியைக் குடித்துவிட்டு நாள் முழுக்க ஈரத்தை விட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தது. அதையும் கொட்டினேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறாமல் இருந்த நாள் எது?

அழுத கையோடு அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, நெத்திலிய நாம தரையிலயா காயப்போடுறோம்?" என்றார்.

அவ்வளவுதான். கம்பு நட்டு, வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல்தான் போடுவோம். மேலே வெயில், கீழே காற்று. இருபது வருஷம் கண்ணால் பார்த்தது. வடகம் என்றதும் வேட்டி, தரை என்று இந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

அன்று மத்தியானமே அப்பா வண்டியில் வந்தார். மடியில் புதுசாக, தண்ணீரையே பார்க்காத நெத்திலி வலைத் துண்டு. சின்னக் கண்ணு, வடகம் நழுவாது. மாமியார் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டார்.

"வலையா?"

"புதுசுங்க சம்பந்தி. மீனு இதைப் பாத்ததே இல்ல," என்றார் அப்பா, கைகட்டாத குறையாக. எனக்கு அவர் அப்படி நின்றது பிடிக்கவில்லை.

மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள கொண்டுவராம இருந்தா சரி," என்று உள்ளே போய்விட்டார். நான் மூன்று தடவை வெந்நீரில் அலசினேன். மேல்மாடி கட்டுவதற்காக விட்டிருந்த பில்லர் கம்பிகள் நான்கு. அவற்றில் இடுப்பு உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டினார் அப்பா. ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சு.

முதல்நாள் வலைமேல் வேட்டி விரித்து, அதில் பிழிந்தேன். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடகத்தை உரித்து, திருப்பி, வெறும் வலைமேலேயே பரப்பினேன். காற்று அடியில் போய் வந்தது. ஊதக்காற்றுதான், ஆனாலும் ஓடுகிற காற்று. பனி விலகிய பிறகுதான் போடுவது, வெயில் சாயும் முன்பே எடுப்பது. எடுத்ததை மூடி வைக்காமல் முறத்தில் பரப்பி, அறையில் மின்விசிறிக்கு அடியில் வைப்பது. மறுபடி தேய்த்த அப்பளத்தை முதலில் நிழலில், விசிறிக்காற்றில் வாடவிட்டு, பிறகு ஒரு மணி நேரம்தான் வெயில். அதற்கு மேல் போனால் சுருண்டு வெடித்துவிடும்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணி, கிழக்கே கறுத்தது. நான் கத்திய கத்தலில் கல்யாணப் பெண் முகத்தில் பூசிய மஞ்சளோடு ஓடிவந்தாள். நான்கு முடிச்சையும் இழுத்து, வலையைத் தொட்டில்போல இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். படி இறங்குகையில் தூறல் விழுந்தது. மாமியார் கூடத்தில் நின்றிருந்தார். வலை வீட்டுக்குள் வந்தே விட்டது. அவர் மின்விசிறியைப் போட்டார்.

மறுநாள் வெயில் வந்ததும் வலையை மறுபடி மாடியில் கட்டினேன். ஆறாம் நாள் ஒரு வடகத்தை ஒடித்தேன். வளையவில்லை. டக்கென்று ஒடிந்தது. எண்ணெயில் போட்டால் நடுவில் கடுக்கென்று நிற்காமல் முழுசும் வெள்ளையாகப் பொரிந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து, கழுவி வெயிலில் காயவைத்த தகர டின்களில் அடைத்தேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை. வாரம் ஒருமுறை திறந்து மோந்து பார்ப்பேன்.

தை பிறந்து நான்காம் நாள் மாப்பிள்ளையின் அம்மா திருமலைராயன்பட்டினத்திலிருந்து தன் அக்காவோடு சீர் பார்க்க வந்தார். சாப்பாட்டில் வடகம் பொரித்து வைத்தேன். அப்பளமும். அந்த அம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்தார். கூடம் முழுக்கக் கேட்டது.

"எங்க வீடு கடலோரமுங்க, டிசம்பர் வந்தா வடகமெல்லாம் நமத்துப்போவும். இது எப்படிங்க இப்படி?"

மாமியார் சட்டென்று, "எல்லாம் கோடையிலேயே போட்டு வச்சதுங்க," என்றார்.

எனக்குள் என்னமோ கொதித்தது. கோடையா? என் மார்கழி முழுக்க எங்கே போயிற்று? அப்பா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற அந்த வாசல் எங்கே போயிற்று? கரண்டியைக் கீழே வைத்தேன். கல்யாணம் நின்றுபோனால் என் தலையில்தான் விடியும் என்று தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"கோடையில போட்டது பூத்துப்போச்சுங்க. நான்தான் உப்பள்ளிப் போட்டுக் கெடுத்தேன். இது மார்கழியில போட்டது. எங்கப்பா கொண்டாந்த மீன்வலையில காயவச்சது."

சாப்பிட்ட கைகள் நின்றன. நாத்தனார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

அந்த அம்மாள் கையில் பாதி வடகம் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வலைக் கண் பதிந்த தடம், சின்னச் சின்னக் கட்டமாக. "ஆமாக்கா, இங்க பாரேன்," என்று அக்காவிடம் காட்டிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். "இன்னும் ரெண்டு வைம்மா."

வைத்தேன்.

அவர்கள் போன பிறகு நான் மாடிக்கு ஓடினேன். திட்டு விழுமுன் வலையைக் கழற்றிச் சுருட்டி அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான். இரண்டு முடிச்சு அவிழ்த்திருப்பேன். மாமியார் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவிழ்ந்து தொங்கிய முனையைக் கையில் பிடித்து, கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அவருக்கு அந்த முடிச்சு போட வரவில்லை. மறுபடி சுற்றினார்.

"இதை எப்படிக் கட்டணும்? சொல்லு," என்றார்.