கழுத்தோரத்து வெளிச்சம்

மீன் பதப்படுத்தும் கம்பெனியின் குளிர் கிடங்கில் அவளுக்கு வேலை. உறைந்த பெட்டிகளைத் தரம் பிரித்து, ஒட்டுச்சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் வந்தால் மற்றப் பெண்கள் நிழல் தேடி ஓடுவார்கள். இவள் மட்டும் சரக்கேற்றும் மேடையின் விளிம்பில், சுள்ளென்று அடிக்கும் வெயிலில் போய் உட்கார்ந்துவிடுவாள். அதனால் கிடங்கில் அவளுக்கு ‘வெயிலு’ என்று பேர் விழுந்தது. அந்தப் பேர் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்து, கடைசியில் புருஷனும் நாத்தனாரும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முந்தின வருஷம் இடது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெறி கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். கரையவில்லை. கீறி ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தபோது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் புண்ணாயிற்று. எல்லாம் முடிந்து, குட்டையாக முளைத்த முடியோடு கிடங்குக்குத் திரும்பினாள். கழுத்தில் ஒரு விரல் நீளத் தழும்பு மட்டும் மிச்சம்.

நோய் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் அந்த வெள்ளிக்கிழமை பெட் ஸ்கேனுக்குப் போனாள். காலையிலிருந்து விடாத மழை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன் அவளை பைக்கில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனான். முதுகும் தோளும் நனைந்து, வெறும் வயிற்றோடு உள்ளே போனவளுக்கு நர்ஸ் விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தாள். பிறகு கதிரியக்கம் கலந்த சர்க்கரைத் திரவத்தை நரம்பில் ஏற்றி, ஒரு சின்ன அறையில் படுக்கவைத்தாள்.

“பேசாம, அசையாம ஓய்வா இருங்க. ஃபோன் பார்க்கக் கூடாது. குளிருதா? போர்வை தரட்டுமா?”

“நான் ஐஸ் கிடங்குல வேலை பாக்கறவ சிஸ்டர். இதெல்லாம் ஒரு குளிரா?” என்று சிரித்துவிட்டாள்.

நர்ஸ் போனதும் சிரிப்பும் போயிற்று. ஏசி காற்று நனைந்த துணி வழியாக எலும்புக்குள் இறங்கியது. மறுபடி வந்திருக்குமோ, வந்திருந்தால் மகளை யார் பார்ப்பார்கள் என்று மனசு செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றியது. தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு இறுகிக் கிடந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கூப்பிட்டுப் போர்வை கேட்கக் கூச்சமாக இருந்தது.

வெளியே வரும்போது ஸ்கேன் படங்கள் பதிந்த ஒரு சிடியைக் கையில் கொடுத்தார்கள். ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உடம்பில் கதிரியக்கம் இருக்கும், அன்று ராத்திரி வரை குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், மகளை நாத்தனார் வீட்டில்தான் விட்டிருந்தார்கள். மறுநாள் அழைத்துவரப் போன இடத்தில் புருஷன் சிடியை நாத்தனாரின் பழைய கம்ப்யூட்டரில் போட்டான்.

“வேண்டாங்க. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.”

“சும்மா பார்ப்போம். நம்ம உடம்பு, நாம பார்க்கக் கூடாதா?”

திரையில் இருட்டான ஒரு மனித உருவம் எழுந்தது. அவளுடைய உருவம்தான். தலை முழுக்க மஞ்சளாக எரிந்தது. நெஞ்சின் இடப்பக்கம் ஒரு வளையம். முதுகின் இரு பக்கமும் இரண்டு கங்குகள். அடிவயிற்றில் கண்ணைக் கூசவைக்கும் ஓர் உருண்டை. அது போதாதென்று, கழுத்தின் இரு பக்கமும் தொடங்கித் தோள்பட்டை வரை வெளிச்சம் சரம் கட்டித் தொங்கியது. முதுகெலும்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாகவும் இறங்கியது.

வெளிச்சம் இருக்கிற இடத்தில்தான் நோய் இருக்கும் என்பது போன வருஷமே அவர்களுக்குத் தெரிந்த பாடம். அப்போது எடுத்த ஸ்கேனில் அவள் கழுத்துக் கட்டியைக் காட்டி, “இதோ எரியுது பாருங்க, இதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

“மூளைக்குமா ஏறிடுச்சு?” நாத்தனாரின் குரல் உடைந்தது.

“அண்ணி, பாப்பா பக்கத்து ரூம்லதான் இருக்கா. மெதுவா,” என்றாள் வெயிலு.

புருஷன் எழுந்து கம்ப்யூட்டரை அணைக்காமல் ஒயரையே பிடுங்கினான். எஞ்சின் திறந்துகிடந்தால் மணிக்கணக்கில் பொறுமையாக நின்று வேலை பார்க்கிறவன், சிடியை வெளியே எடுக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

அந்தச் சனியும் ஞாயிறும் அவளுக்கு நரகமாகக் கழிந்தன. தலை லேசாக வலித்தாலும் மூளை என்று பட்டது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் நெஞ்சு வளையம் ஞாபகம் வந்தது. பாத்ரூம் போகவே பயந்தாள். கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவித் தடவி, தோல் சிவந்து போயிற்று. மகளின் பள்ளிச் சீருடைகளை எடுத்து விளிம்பைப் பிரித்துவிட்டாள். வளர்ந்தால் இறக்கித் தைக்க யாராவது வேண்டுமே, இப்போதே இறக்கிவிட்டால் நல்லது. புருஷன் அதைப் பார்த்தான். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் உறையை வாங்கியவன் அதைப் பிரிக்கவில்லை. “படம் பார்த்த டாக்டரைப் பார்க்காம போக மாட்டோம்” என்று கவுண்ட்டரிலேயே நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மேஜையில் இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் அவள் எரிந்துகொண்டிருந்தாள்.

“சிடியை வீட்டுல போட்டுப் பாத்தீங்களா?” என்றார் டாக்டர், அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே.

புருஷன் தலையாட்டினான். “உடம்பு பூரா பரவிடுச்சுங்களா மேடம்?”

“முதல்ல உக்காருங்க. இந்தப் படம் நோயைக் காட்டாது. எந்த இடம் எவ்வளவு சர்க்கரை இழுக்குதுன்னுதான் காட்டும். நாங்க ஏத்தறது சர்க்கரை மாதிரியே ஒண்ணு. செல்லு அதைச் சர்க்கரைன்னு நம்பி உள்ள இழுத்துக்கும். ஆனா செரிக்க முடியாது, அங்கேயே மாட்டிக்கும். மாட்டின இடம் வெளிச்சமாத் தெரியும். புற்றுநோய்ச் செல்லு பலதும் சர்க்கரைக்கு அலையும், அதனால எரியும். ஆனா சர்க்கரை திங்கறது அது மட்டுமில்லியே.”

திரையில் தலையைத் தொட்டார். “மூளை. தூங்கினாலும் முழிச்சாலும் அதுக்குச் சர்க்கரை வேணும். எனக்கு ஸ்கேன் எடுத்தாலும் இப்படித்தான் எரியும். எரியலேன்னாதான் நான் பயப்படணும்.” விரல் கீழே இறங்கியது. “இது இதயம். பட்டினி இருந்தா அது பெரும்பாலும் கொழுப்பை எரிச்சு ஓட்டிக்கும். அதான் உங்களைச் சாப்பிடாம வரச் சொல்றோம். இருந்தாலும் சில பேருக்குச் சர்க்கரையையும் இழுக்கும். ஆளுக்கு ஆள் மாறும். இது ரெண்டும் சிறுநீரகம். சாதாரணச் சர்க்கரையா இருந்தா அது வடிகட்டித் திருப்பி உடம்புக்கே கொடுத்திடும். இந்தப் போலிச் சர்க்கரையை அதுக்கு அடையாளம் தெரியாது, வெளிய தள்ளிடும். கீழே இருக்கற உருண்டை, அது சேர்ந்த சிறுநீர்ப்பை.”

“அப்போ அடிவயித்துல இருக்கறது...”

“மூத்திரம்மா. வேற ஒண்ணுமில்ல.”

இரண்டு நாளாக மூத்திரத்துக்குப் பயந்து செத்தோமே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புருஷன் பெருமூச்சு விட்டான். ஆனால் டாக்டரின் விரல் இன்னும் கழுத்துக்குப் போகவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள்.

“இது மேடம்?” தன் கழுத்தையே தொட்டுக் கேட்டாள்.

டாக்டர் பதிலுக்கு அவளையே கேட்டார்.

“அன்னைக்குக் குளிரா இருந்துச்சா உங்களுக்கு?”

“மழையில நனைஞ்சு வந்தேன். போர்வை வேணாம்னுட்டேன்.”

“பயமா இருந்துச்சா?”

அவள் தலை குனிந்தாள். “உசுரே கையில இல்ல.”

“வேலை?”

“குளிர் கிடங்குல.”

டாக்டர் இன்னொரு படத்தை அருகில் கொண்டுவந்தார். அது கூடவே எடுத்த சி.டி. ஸ்கேன். எந்த இடத்தில் என்ன உறுப்பு என்று காட்டுவது. “எரியற இடத்துல கணு எதுவும் வீங்கல. வெறும் கொழுப்புதான் இருக்கு. ரெண்டு பக்கமும் சமமாவும் இருக்கு. கைக்குழந்தைங்களுக்குக் கழுத்துலயும் தோள்லயும் முதுகெலும்போரத்துலயும் பழுப்பா ஒரு கொழுப்பு இருக்கும். சேமிச்சு வைக்கிற கொழுப்பு இல்ல, எரிச்சுச் சூடு கொடுக்கற கொழுப்பு. சில பெரியவங்களுக்கும் மிச்சம் இருக்கும். குளிர்ல கிடந்தா முழிச்சுக்கும். பயந்தா உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்கும், அதுவும் அதைத் தட்டி எழுப்பும். அப்போ அதுவும் சர்க்கரையை இழுக்கும். இது அதுதான்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?” என்றான் புருஷன்.

“ஆமா. நினைக்கத்தான் முடியும். இவங்க நோய் இதே கழுத்துலதான் வந்துச்சு. அந்த வெளிச்சத்துக்குள்ள சின்னதா ஒரு கணு ஒளிஞ்சிருந்தா எனக்குத் தெரியாது. அதுக்காக இப்பவே ஊசி போட்டுக் குத்திப் பார்க்கவும் வேணாம். உங்க டாக்டர்கிட்ட பேசிட்டேன். இன்னொரு தடவை எடுப்போம். இந்த முறை குளிரவே விடாம.”

பயம் அதனால் விட்டுவிடவில்லை. உடம்பு முழுக்க இருந்தது கழுத்துக்குச் சுருங்கி, சுருங்கினதாலேயே கூர்மையாகிவிட்டது. அடுத்த வாரம் முழுக்க அவள் கிடங்குக்குப் போகவில்லை. இரண்டாவது ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி ஜன்னலைச் சாத்தி, ஸ்வெட்டர் போட்டுத் தூங்கச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் கம்பளி கொண்டுவந்து, “கழுத்தை நல்லா மூடு, வெயிலு” என்று தன் கையாலேயே சுற்றிவிட்டாள். பைக் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தார்கள். “ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டு, இல்லை என்றதும், அந்தக் கொழுப்பைத் தட்டி எழுப்புகிற சுரப்பை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது இதயத்துடிப்பையும் குறைக்குமாம். ஊசி போடுவதற்கு வெகு முன்பே அவளை ஏசி இல்லாத அறையில், கனத்த போர்வைக்குள் படுக்கவைத்தார்கள்.

மாத்திரையில் நெஞ்சின் படபடப்பு அடங்கியது. பயம் மட்டும் அடங்கவில்லை. துடிப்பு இல்லாத பயம் என்பது எவ்வளவு விநோதமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. ஆனாலும் மனசுக்குள், அந்தக் கணு அங்கே இருந்தால் என்று ஒரு குரல் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த முறை டாக்டர் காக்கவைக்கவில்லை. படங்களைப் பார்த்த கையோடு அவரே கதவைத் திறந்து கூப்பிட்டார். திரையில் பழைய படமும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதுசிலும் மூளை எரிந்தது; சிறுநீர்ப்பை எரிந்தது; சிறுநீரகங்கள் எரிந்தன. இதயம் லேசாக மங்கியிருந்தது. அவள் கண் நேரே கழுத்துக்குப் போயிற்று.

அங்கே இருட்டு. தோள்வரை, முதுகெலும்போரமும் இருட்டு.

“நோய் இருந்தா போர்வைக்கும் மாத்திரைக்கும் பயந்து ஓடாது,” என்றார் டாக்டர். “கொழுப்புதான். கழுத்து சுத்தம். வேற எங்கேயும் எதுவும் இல்ல. எழுதிக் கொடுத்திடறேன்.”

புருஷன் திரையை விட்டு நகரவில்லை. “மூளை முன்னைவிடப் பிரகாசமா இருக்குங்களே மேடம்?”

“என்ன யோசிச்சாங்களோ, அவங்களையே கேளுங்க.”

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. ஆட்டோவில் வரும்போது நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்த நாத்தனார், “சொல்லு” என்றாள். இவளுக்கு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு விசும்பல் கேட்டதும், புருஷன் ஃபோனைப் பிடுங்கி, “ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமேயில்ல! அழாதே!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

வெயிலு இன்றும் அதே கிடங்கில்தான் வேலை பார்க்கிறாள். பரிசோதனைக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். யாராவது ஏதாவது கேட்டால் எரிந்து விழுவாள். முதல் தடவை குறையாத பயம், அடுத்த தடவை குறைந்துவிடும் என்று யார் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. போய்ப் படுப்பாள், படம் எடுப்பார்கள், வருவாள். சிடியை மட்டும் வாங்க மாட்டாள்.