டைட்டஸ் சார் ஒப்புப் போட மறுத்த படம்

அழகியநாயகி டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் கோபக்காரி என்று பெயர். அது சும்மா வந்த பெயரில்லை. நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்தபோது, 1934-இல், ஒரு துண்டு ஐஸால் வந்த கோபம் அது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம். ஐஸ் தேடி அலைவானேன் என்று, ஐஸைச் சூடேற்றி, நேரத்துக்கு நேரம் வெப்பத்தைக் குறித்துக் கோட்டுப்படமாக வரையும் சோதனையை யாருமே செய்வதில்லை. முந்தின வகுப்புக்காரர்களின் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து நகலெடுப்பார்கள். கோடு ஏறும், படுக்கும், ஏறும், அதே நீளத்துக்கு மறுபடி படுக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும், அவ்வளவும் பொய்.

இவள் கோட்டாறு சோடாக்கடையில் மரத்தூள் பொதிந்த ஐஸ் வாங்கி வந்தாள். நொறுக்கிக் குடுவையில் போட்டு, சுற்றிலும் உப்புக் கலந்த ஐஸை வைத்துப் பூஜ்யத்துக்கும் கீழே குளிரவைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து ஸ்பிரிட் விளக்கின் சீரான தீயில் வைத்தாள். வெப்பமானியில் பாதரசம் விறுவிறுவென்று பூஜ்யத்துக்கு வந்தது. அவள் கிளறிக்கொண்டே இருந்தாள்; ஐஸ் முழுக்க உருகும்வரை அது அசையவில்லை. தண்ணீரானபின் நிதானமாக ஏறி நூறில் நின்றது. நின்றது நின்றதுதான். தீ எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, பாதரசம் மட்டும் நகரவில்லை. படுத்த கோடு நீண்டுகொண்டே போக, தாள் போதாமல் இன்னொன்றை ஒட்டினாள்.

படத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் டைட்டஸ் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டால்தான் செய்முறைப் பரீட்சைக்குள் விடுவார்கள். அவர் படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன வால் மாதிரி? எல்லாரும் வரைஞ்சது போல வரைஞ்சு கொண்டு வா."

"ஒரு கிராம் ஐஸ் உருக எம்பது கலோரி, அதே தண்ணி ஆவியாக ஐந்நூத்தி நாப்பதுன்னு நீங்கதானே சார் நடத்துனீங்க? பெறவு ரெண்டும் எப்பிடி ஒரே நீளமாட்டு இருக்கும்?"

"அது பாடம். ஊரோட ஒத்துப் போகப் படிச்சுக்கோ. மத்தவங்களுக்கு நான் போட்ட ஒப்பெல்லாம் பொய்யின்னு சொல்லுதியா?"

தெரியாமல் சொன்னால்கூடப் பொறுக்கலாம். தெரிந்துகொண்டே, தன் கையெழுத்துக்காக உண்மையைத் திருத்தச் சொல்கிறாரே! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு தாள் நிரம்பியும் பாதிக்கு மேல் தண்ணீர் மிஞ்சியிருந்த குடுவையை எடுத்து மறுபடி விளக்கில் வைத்தாள்.

"இது வத்துறவரைக்கும் நின்னு பாருங்க சார். என் படம் தப்புன்னா நானே கிழிச்சிருதேன்."

அவர் நின்றார். தண்ணீர் கொதித்தது. பாதரசம் நூறிலேயே கிடந்தது. மணியடித்து மற்றவர்கள் போனார்கள். அவர் கால் மாற்றி நின்றார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"இன்னுமா தீரல்ல?"

"நீங்க ஒப்புப் போட்ட படத்துல எப்பமோ தீந்து போச்சு சார்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். படத்தை இழுத்து ஒப்புப் போட்டார். மறு வருஷமும் அதே ஜன்னலில் அதே பழைய படம்தான் ஒட்டியிருந்தது. அதை நினைத்தால் டீச்சருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அவளுடைய வகுப்பில் யாராவது ஒரே தாளில் முடிந்த படத்தை நீட்டினால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஏட்டி, தண்ணியப் பாதியில விட்டுட்டா வந்தே? போய் விளக்கைக் கொளுத்து."